கெடுவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

"எஸ்ஐ போட்டிருந்தேனே, ஏன் போகல?" வங்கிக் கவுண்டர்களில் மாதத்தின் முதல் வாரம் முழுக்க இந்தக் கேள்வி கேட்கும். கேட்பவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்ல. மறந்துவிடக் கூடாதே என்று முன்கூட்டியே யோசித்து, நெட்பேங்கிங்கில் உட்கார்ந்து தேதி, தொகை எல்லாம் நிரப்பி, பணம் தானாகப் போகும்படி எஸ்ஐ எனப்படும் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் போட்டவர்கள். அப்படியும் வாடகை போகவில்லை, அல்லது பாலிசி காலாவதியாகிவிட்டது. அவர்களில் பெரும்பாலோர் செய்த தவறு ஒன்றே ஒன்றுதான். பணம் கட்டவேண்டிய கடைசித் தேதியையே வங்கிக்கும் தேதியாகக் கொடுத்துவிட்டார்கள். இன்னொரு தவறு அதற்கும் முன்னால் நடந்திருக்கும்: வாடகை, பள்ளிக் கட்டணம், காப்பீட்டு பிரீமியம் மூன்றையும் ஒரே வகைச் செலவாக நினைத்து ஒரே வழியில் ஏற்பாடு செய்திருப்பார்கள்.

மூன்றும் ஒன்றல்ல. வாடகை மாதாமாதம் ஒரே தொகை, ஒரே ஆளுக்கு. பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை, தொகையும் தேதியும் பள்ளி சொல்வதுதான். பிரீமியத்துக்கு தேதி மாறாது, ஆனால் தொகை மாறும், அதிலும் மருத்துவக் காப்பீட்டில் நிச்சயம் மாறும். இந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் எதற்கு எந்தக் கருவி என்று முடிவு செய்யவேண்டும்.

கருவிகள் அடிப்படையில் இரண்டு. ஒன்றில் நாம் நம் வங்கிக்கு உத்தரவு போடுகிறோம்: இந்தத் தேதியில் இந்தத் தொகையை இந்தக் கணக்குக்கு அனுப்பு. இதுதான் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன். தொகை நாம் எழுதியதுதான், ஒரு ரூபாய் கூடாது, குறையாது. இன்னொன்றில் பணம் வாங்கவேண்டியவர் நம் வங்கியிடம் கேட்டு எடுத்துக்கொள்கிறார், அதற்கு நாம் முன்கூட்டியே ஓர் அனுமதி கொடுத்திருப்போம். மேண்டேட் என்பது அதுதான். வங்கிக் கணக்கிலிருந்தே நேராக எடுக்கும் நாச் மேண்டேட், கார்டில் போடும் ஆட்டோ டெபிட், யுபிஐ ஆட்டோபே எல்லாம் இந்த வகை. இதில் நாம் எழுதுவது உச்சவரம்பு. அந்த வரம்புக்குள் எவ்வளவு கேட்டாலும் போகும், வரம்பைத் தாண்டிக் கேட்டால் ஒரு ரூபாய்கூடப் போகாது. அனுப்புவது ஒரு வகை, எடுக்கவிடுவது ஒரு வகை. வாடகைக்கு முதலாவது பொருந்தும், பிரீமியத்துக்கு இரண்டாவது. பள்ளிக் கட்டணத்துக்கு இரண்டுமே நேரடியாகப் பொருந்தாது என்பது என் கருத்து. அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

வாடகை: எந்தத் தேதி?

ஓர் உதாரணக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தாம்பரத்தில் 16,000 ரூபாய் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். கணவர் அரசு ஊழியர், சம்பளம் மாதத்தின் கடைசி வேலை நாளில் வரும். ஒப்பந்தத்தில் வழக்கம்போல ஒவ்வோர் ஆங்கில மாதமும் 5ஆம் தேதிக்குள் வாடகை தரவேண்டும் என்று இருக்கிறது. சம்பளம் வந்த மறுநாளே போய்விடட்டும் என்று 1ஆம் தேதிக்கு எஸ்ஐ போடுகிறார்கள். பத்து மாதம் ஒழுங்காகப் போகும். ஏப்ரலில் நிற்கும். அரசு ஊழியர்களுக்கு மார்ச் மாதச் சம்பளம் நிதியாண்டு முடிந்து ஏப்ரலில்தான் வரும். ஏப்ரல் 1 வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாள், கிளைகளில் பொதுமக்களுக்கு வேலை நடக்காது. ஆகச் சம்பளம் 2ஆம் தேதியோ அதற்குப் பிறகோ ஏறும். அந்த ஆண்டு புனித வெள்ளியும் அதே வாரத்தில் வந்தால் இன்னும் ஒரு நாள் தள்ளலாம். எஸ்ஐக்கு இதெல்லாம் தெரியாது. 1ஆம் தேதி பார்க்கும், பேலன்ஸ் இருக்காது, தோற்றுப்போகும்.

தனியார் நிறுவனத்தில் 1ஆம் தேதி சம்பளம் வாங்குபவர்களுக்கு இதே சிக்கல் வேறு வடிவில் வரும். பல வங்கிகளில் எஸ்ஐ அன்றைய தேதி பிறந்ததும் அதிகாலையிலேயே ஓடிவிடும். சம்பளம் காலை பத்து மணிக்கோ மாலையிலோ ஏறும். அன்றே பணம் வந்ததே என்று நாம் கேட்கலாம். வந்தது, ஆனால் எஸ்ஐ ஓடி முடிந்த பிறகு வந்தது. தோற்ற எஸ்ஐயை மறுபடி முயலுமா என்பது வங்கிக்கு வங்கி வேறு. சில வங்கிகள் அடுத்த சில நாட்கள் முயலும், சில அந்த மாதத்தோடு விட்டுவிடும். உங்கள் வங்கியிடம் எஸ்ஐ பற்றிக் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான். இரண்டாவது கேள்வி, தோற்றால் கட்டணம் பிடிப்பீர்களா என்பது.

ஆகவே சம்பளம் வரக்கூடிய மிகத் தாமதமான நாளைக் கண்டுபிடித்து, அதற்கு அடுத்த நாளைத் தேதியாக வையுங்கள். தாம்பரம் குடும்பத்துக்கு அது 4. கெடு 5. இடையில் ஒரு நாள்தான் இருக்கிறது. 4ஆம் தேதி காலையில் எஸ்ஐ தோற்றது தெரிந்தால் அன்றோ மறுநாளோ கையால் அனுப்பிவிடலாம், ஆனால் இது மிக நெருக்கமான இடைவெளி. புது வீடு பார்க்கும்போதே ஒப்பந்தத்தில் 5 என்பதை 7 என்று போடச் சொல்லிக் கேளுங்கள். மாதம் தவறாமல் வங்கியில் வந்துவிடும் என்று சொன்னால் பெரும்பாலான ஹவுஸ் ஓனர்கள் இரண்டு நாளுக்காகத் தகராறு செய்யமாட்டார்கள். 29, 30, 31 தேதிகளை எந்தக் காரணத்துக்காகவும் தேர்ந்தெடுக்க வேண்டாம். பிப்ரவரியில் அது எப்படிக் கையாளப்படும் என்பதை யூகிக்கும் நிலையில் நாம் இருக்கக்கூடாது.

எஸ்ஐ போடும் முறை எளிது, ஆனால் வரிசை முக்கியம். முதலில் ஹவுஸ் ஓனரைப் பயனாளியாகச் சேர்க்கவேண்டும். கணக்கு எண்ணை அவர் வாட்ஸப்பில் தட்டச்சு செய்து அனுப்பியதிலிருந்து எடுக்காமல் பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்து எழுதுங்கள். நெஃப்டில் பணம் கணக்கு எண்ணைப் பார்த்துத்தான் சேருகிறது, பெயரைப் பார்த்து அல்ல. 2025 ஏப்ரல் 1க்குள் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டிலும் பயனாளியின் பெயரைச் சரிபார்க்கும் வசதியைத் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் சொல்லியிருக்கிறது. எண்ணைப் போட்டதும் அந்தப் பக்கத்துக் கணக்கில் பதிவாகியிருக்கும் பெயர் திரையில் வரும், அதைப் பார்த்துவிட்டு மேலே போங்கள். பயனாளியைச் சேர்த்ததும் முதல் மாத வாடகையைக் கையால் அனுப்புங்கள். புதுப் பயனாளிக்கு முதல் சில மணி நேரமோ சில நாட்களோ தொகை வரம்பு வைக்கும் வங்கிகள் உண்டு. வந்துவிட்டது என்று ஹவுஸ் ஓனர் சொன்ன பிறகு இரண்டாம் மாதத்திலிருந்து எஸ்ஐ.

எஸ்ஐ பக்கத்தில் கவனிக்க இரண்டு இடம் உண்டு. பல வங்கிகளின் செயலிகளில் ஒரே முறை பின்தேதியிட்டு அனுப்புவதும், மாதாமாதம் அனுப்புவதும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். முதலாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டு எஸ்ஐ போட்டதாக நினைத்துக்கொள்பவர்கள் நிறைய. ஒரு மாதம் போகும், அடுத்த மாதம் போகாது. அடுத்து, முடிவுத் தேதி. பலர் அதை எட்டாத தொலைவில் போட்டுவிடுவார்கள், ஐந்து வருடம், பத்து வருடம் என்று. வாடகை ஒப்பந்தம் 11 மாதம் என்றால் எஸ்ஐயும் அந்த ஒப்பந்தத்தோடு முடியவேண்டும். முதல் மாதம் கையால் அனுப்பியாயிற்று, எஸ்ஐக்கு 10 தவணை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது வாடகை எப்படியும் கூடும், 16,000 என்பது 16,800 ஆகும். பழைய எஸ்ஐ ஓடிக்கொண்டே இருந்தால் மாதம் 800 ரூபாய் பாக்கி விழுந்துகொண்டே போய், காலி செய்யும்போது அட்வான்ஸில் கழிப்பார்கள். வீட்டைக் காலி செய்த பிறகும் நிறுத்த மறந்த எஸ்ஐ அதைவிட மோசம். நாமே உத்தரவு போட்டு நாமே அனுப்பிய பணம் என்பதால் வங்கி திருப்பி எடுத்துத் தர வழியில்லை, பழைய ஹவுஸ் ஓனரின் நல்ல மனதைத்தான் நம்பவேண்டும். கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்வதாகப் பேசியிருந்தால் அந்த மாதத்து எஸ்ஐயை ஓடும் தேதிக்கு இரண்டு மூன்று நாள் முன்பே ரத்து செய்யுங்கள். அன்று காலையில் ரத்து செய்தால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

எஸ்ஐ ஓடிவிட்டது என்று வங்கி குறுஞ்செய்தி அனுப்பினாலும் பணம் சேர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஹவுஸ் ஓனர் கணக்கை மூடியிருந்தாலோ, வங்கி இணைப்பில் கிளையின் ஐஎஃப்எஸ்சி மாறியிருந்தாலோ பணம் போய்விட்டுத் திரும்பும். 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும் இணைந்தபோது பழைய ஐஎஃப்எஸ்சி எண்கள் சில காலம் வேலை செய்து, பிறகு நின்றுபோயின. சேராத நெஃப்ட் பணத்தை எதிர்ப்பக்க வங்கி அந்தப் பணம் போன தொகுப்பு முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் திருப்பவேண்டும் என்பது விதி. அதனால் எஸ்ஐ ஓடிய அன்று மாலை கணக்கைப் பாருங்கள். 16,000 கழிந்த வரிக்கு மேலே அதே 16,000 வரவாக வந்து `RETURN` அல்லது `RTN` என்று இருந்தால் வாடகை போகவில்லை.

பள்ளிக் கட்டணம்: நமக்கு நாமே அனுப்புவது

பள்ளிக்கு நேரடியாக எஸ்ஐ போடவேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தொகை ஆண்டுதோறும் மாறும். டேர்ம் ஃபீஸ், வேன் ஃபீஸ், புத்தகம் என்று பிரித்துப் பிரித்துக் கேட்பார்கள். தேதி சுற்றறிக்கையில்தான் தெரியும். எல்லாவற்றையும்விட முக்கியம், நெஃப்டில் வரும் பணம் எந்த மாணவனுடையது என்று பள்ளிக்குத் தெரியாது. பல பள்ளிகள் தங்கள் இணையப் பக்கத்தில் அட்மிஷன் எண்ணைப் போட்டுக் கட்டினால்தான் ரசீது தரும். வேறு வழியில் வந்த பணம் கணக்கில் அநாமதேயமாகக் கிடக்கும், பிள்ளையின் பெயருக்கு எதிரே பாக்கி என்றே இருக்கும்.

ஆகப் பள்ளிக் கட்டணத்துக்கு எஸ்ஐ செய்யக்கூடிய உபகாரம், அந்தத் தேதி வரும்போது பணம் தயாராக இருக்கும்படி பார்த்துக்கொள்வது. வேறொரு சேமிப்புக் கணக்கு திறந்து, சம்பளக் கணக்கிலிருந்து மாதாமாதம் அதற்கு எஸ்ஐ. அந்தக் கணக்குக்கு யுபிஐ இணைக்கவேண்டாம், ஏடிஎம் கார்டைக் கையில் வைத்துக்கொள்ளவேண்டாம். காப்பீட்டு மேண்டேட்டுகளும் இதே கணக்கில் இருக்கட்டும். சம்பளக் கணக்கில் மேண்டேட் இருந்தால் அந்த மாதம் என்னென்ன செலவானது என்பதைப் பொறுத்து அதன் விதி அமையும். தவிர வேலை மாறினால் பலருக்குச் சம்பளக் கணக்கே மாறும், பழைய கணக்கில் இருக்கும் மேண்டேட் புது வங்கிக்குத் தானாக வராது.

மாதம் எவ்வளவு போடவேண்டும்? இங்கேதான் பலர் கணக்கில் சறுக்குகிறார்கள். தாம்பரம் குடும்பத்தின் ஆண்டுச் செலவு இப்படி: பள்ளிக் கட்டணம் ஜூன் 10க்குள் 36,000, செப்டம்பர் 10க்குள் 24,000, ஜனவரி 10க்குள் 24,000. டேர்ம் இன்ஷூரன்ஸ் பிரீமியம் நவம்பர் 20இல் 14,400. மருத்துவக் காப்பீடு பிப்ரவரி 12இல் 21,600. மொத்தம் 1,20,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 10,000. ஜூன் கட்டணத்தை எப்படியோ கட்டிவிட்டு, ஜூலை முதல் ஒவ்வொரு 4ஆம் தேதியும் 10,000 போகும்படி எஸ்ஐ போடுகிறார்கள். ஆண்டு மொத்தத்துக்கு இது சரியான தொகைதான். வழியில் என்ன ஆகிறது என்று நடந்து பார்ப்போம்.

செப்டம்பர் 4இல் கணக்கில் 30,000. பள்ளிக்கு 24,000 போனதும் 6,000. நவம்பர் 4இல் 26,000, டேர்ம் பிரீமியம் போனதும் 11,600. ஜனவரி 4இல் 31,600, இரண்டாவது 24,000 போனதும் 7,600. பிப்ரவரி 4இல் 17,600. பிப்ரவரி 12இல் மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் 21,600 கேட்கும். 4,000 குறைகிறது. மேண்டேட் திரும்பும். குறையும் தொகைக்குப் பாதிப் பணம் எடுத்துக்கொள் என்பதெல்லாம் மேண்டேட்டில் கிடையாது. மொத்தமும் திரும்பும், திரும்பியதற்கு வங்கி சில நூறு ரூபாய் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் பிடிக்கும். அதன் பிறகு மார்ச், ஏப்ரல், மே என்று பணம் ஏறி, ஜூன் கட்டணத்தைக் கட்டும் அளவுக்குத் தாராளமாக இருக்கும். ஆண்டு முழுக்க ஒரே ஒரு மாதம்தான் பள்ளம், அந்தப் பள்ளம் சரியாக மருத்துவக் காப்பீட்டின் மேல் விழுகிறது.

இதைத் தவிர்க்க ஜூலையில் கணக்கைத் தொடங்கும்போதே 4,000 ரூபாய் முன்பணம் போட்டால் போதும், பிப்ரவரி 12 மாலை கணக்கு சரியாகப் பூஜ்யத்தைத் தொடும். அந்த அளவுக்கு விளிம்பில் நிற்கக்கூடாது. கணக்கில் குறைந்தபட்ச இருப்பு வைக்கவேண்டும் என்றால் அதையும் சேர்க்கவேண்டும். இன்னொன்று, மருத்துவக் காப்பீட்டை ஒரு மாதம் முன்பே ஜனவரி நடுவில் புதுப்பித்துவிட விரும்பினால் அப்போது கணக்கில் இருப்பது 7,600 மட்டும், ஆக முன்பணம் 14,000 வேண்டும். அடுத்த கல்வியாண்டில் கட்டணம் பத்து சதவீதம் கூடினால் ஜூனில் 36,000 என்பது 39,600. இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் 20,000 முன்பணம் இந்தக் குடும்பத்துக்குப் பொருத்தமான தொகை. கையில் அவ்வளவு இல்லை என்றால் எஸ்ஐயை 10,000க்குப் பதில் 11,500 ஆக வைத்து, பிப்ரவரிக்குள் எட்டு தவணையில் 12,000 கூடுதலாகச் சேர்க்கலாம். உங்கள் கணக்கையும் இப்படி ஒரு தாளில் மாதம் மாதமாக நடந்து பாருங்கள், எங்கே மிகக் குறைவாக இருக்கிறதோ அந்த மாதத்தை வைத்துத்தான் முன்பணம். மாத சராசரி அதைக் காட்டாது.

காப்பீடு: வரம்பும் அவகாசமும்

வாடகை இரண்டு நாள் தள்ளினால் ஹவுஸ் ஓனரின் முகம் கொஞ்சம் மாறும். பள்ளியில் அபராதம் போடுவார்கள். பிரீமியம் தவறினால் நடப்பது வேறு வகை, அதனால்தான் இதில் நான் அதிக நேரம் நிற்க விரும்புகிறேன்.

கெடு தாண்டினாலும் 30 நாள் அவகாசம் உண்டு என்பதை எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். ஆயுள் காப்பீட்டில் மாதத் தவணைக்கு 15 நாள், மற்றத் தவணைகளுக்கு 30 நாள். அந்த நாட்களில் இறப்பு நேர்ந்தாலும் பாதுகாப்பு உண்டு, பாக்கிப் பிரீமியத்தைக் கழித்துக்கொண்டு தருவார்கள். இதே எண்ணத்தை மருத்துவக் காப்பீட்டுக்கும் பொருத்திக்கொள்வதில்தான் ஆபத்து. அங்கேயும் 15 நாள், 30 நாள் என்றுதான் இருக்கிறது. மாதம், காலாண்டு என்று தவணையில் கட்டுபவருக்கு அவகாச நாட்களிலும் பாதுகாப்பு தொடரும். ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகக் கட்டுபவருக்கு அப்படியில்லை. அவருடைய பாலிசி அந்தத் தேதியோடு முடிந்துவிட்டது. அவகாசத்துக்குள் கட்டிப் புதுப்பித்தால் காத்திருப்புக் காலங்கள், பழைய போனஸ் எல்லாம் அறுபடாமல் தொடரும், அவ்வளவே. பிப்ரவரி 12க்கும் அவர் கட்டிய நாளுக்கும் இடையில் மருத்துவமனையில் சேர்ந்தால் அந்தச் செலவு அவருடையது. அவகாசம் என்ற ஒரே சொல் இரண்டு பாலிசியில் இரண்டு அர்த்தம் கொள்கிறது. மோட்டார் வாகனக் காப்பீட்டில் இந்த அவகாசமே கிடையாது. அன்று நள்ளிரவோடு முடிந்தது, 90 நாள் தாண்டினால் நோ க்ளெய்ம் போனஸும் போய்விடும்.

ஆகவே ஆண்டுப் பிரீமியத்துக்கான மேண்டேட் கெடு நாளில் ஓடினால் அது தாமதம். பல நிறுவனங்கள் கெடு நாளையொட்டித்தான் வங்கிக்குக் கோரிக்கை அனுப்பும். அது தோற்றால் உங்களுக்குத் தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகும், அதற்குள் பாலிசி முடிந்திருக்கும். மருத்துவக் காப்பீட்டுக்கு என் யோசனை, மேண்டேட்டை இரண்டாவது காவலாக மட்டும் வைத்துக்கொண்டு, புதுப்பிப்பு அறிவிப்பு வந்ததும், அதாவது கெடுவுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே, கையால் கட்டிவிடுவது. முன்கூட்டிக் கட்டினாலும் புதுப் பாலிசி பழையது முடிந்த பிறகுதான் தொடங்கும், ஒரு நாளும் இழப்பில்லை. கட்டிய பிறகு மேண்டேட் மறுபடி அதே தொகையை எடுக்காமல் இருக்க நிறுவனத்திடம் உறுதி செய்துகொள்ளுங்கள். டேர்ம் இன்ஷூரன்ஸுக்கு மேண்டேட்டை முழுமையாக நம்பலாம், தொகை பெரும்பாலும் மாறாது, அவகாச நாட்களிலும் பாதுகாப்பு இருக்கிறது.

மருத்துவக் காப்பீட்டில் மேண்டேட் தோற்பதற்குப் பணம் இல்லாததைவிட நுட்பமான காரணம் ஒன்று உண்டு. தாம்பரம் குடும்பத்தின் கதையையே பார்ப்போம். அடிப்படை பிரீமியம் 20,000, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 23,600 கட்டிக்கொண்டிருந்தார்கள். மேண்டேட் போடும்போது உச்சவரம்பு 25,000 என்று எழுதினார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு ஜிஎஸ்டி நீங்கியது. நிறுவனம் அடிப்படை பிரீமியத்தை உயர்த்தியதில் 2026 பிப்ரவரியில் 21,600 ஆனது. வரம்புக்குள் இருக்கிறது, போய்விடும். கணவர் 45 வயதைத் தாண்டி அடுத்த வயதுப் பிரிவுக்கு நகரும் ஆண்டில் பிரீமியம் 26,500 என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் 50,000 இருந்தாலும் மேண்டேட் வேலை செய்யாது, வரம்பு 25,000. எனவே மருத்துவக் காப்பீட்டுக்கு வரம்பை இன்றைய பிரீமியத்தின் இரண்டு மடங்காக வையுங்கள். அதிகமாக எடுத்துவிடுவார்களோ என்ற பயம் நியாயமானது, ஆனால் அந்தக் கணக்கில் இருப்பதே அந்தச் செலவுகளுக்கான பணம் மட்டும்தான். பிரீமியம் எவ்வளவு என்பதையும் புதுப்பிப்பு அறிவிப்பு முன்பே சொல்லிவிடும்.

அதே ஜிஎஸ்டி மாற்றம் இன்னொரு தவறையும் வெளிக்கொண்டு வந்தது. பிரீமியத்தை மேண்டேட்டில் விடாமல் காப்பீட்டு நிறுவனத்தின் கணக்குக்கு எஸ்ஐயாக அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அவர்களது எஸ்ஐ ஜிஎஸ்டியோடு சேர்த்த பழைய தொகையையே தொடர்ந்து அனுப்பும். கூடுதல் தொகை பாலிசியின் பெயரில் உபரியாகக் கிடக்கும். கூடுதலாகப் போவது பரவாயில்லை, அடுத்த முறை கழியும். குறைவாகப் போனால் பிரீமியம் கட்டியதாகவே ஆகாது. மாறக்கூடிய தொகைக்கு எஸ்ஐ சரிப்படாது என்று முதலில் சொன்னது இதனால்தான்.

மேண்டேட்டைப் பதிவு செய்வதிலும் கால இடைவெளி வேண்டும். நெட்பேங்கிங் அல்லது டெபிட் கார்டு வழியாகப் போட்டால் சில நாட்களில் பதிவாகும். தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அது நிறுவனத்தின் வங்கி வழியாக நம் வங்கிக்கு வந்து கையெழுத்து ஒப்பிடப்படவேண்டும், வாரங்கள் ஆகலாம், பத்து வருடம் முன்பு வங்கியில் போட்ட கையெழுத்தோடு ஒத்துப்போகாவிட்டால் நிராகரிப்பார்கள். கெடுவுக்கு ஒரு மாதம் முன்பு போட்டுவிடுங்கள். பதிவானதும் `UMRN` என்ற ஓர் எண் வரும். அந்த எண் வராதவரை மேண்டேட் இல்லை என்றே கொள்ளவேண்டும். பிற்பாடு ரத்து செய்ய, புகார் செய்ய எல்லாவற்றுக்கும் அந்த எண்தான் கேட்பார்கள், பாலிசித் தாளின் மேலேயே எழுதி வைப்பது நல்லது.

நாச்சுக்குப் பதில் கார்டிலோ யுபிஐ ஆட்டோபேயிலோ போடுபவர்களுக்கு ஒரு நன்மையும் ஒரு தொல்லையும் இருக்கிறது. ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு அறிவிப்பு வரவேண்டும், அது நன்மை. சாதாரணமாக 15,000க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி அல்லது பின் கேட்கும். காப்பீட்டு பிரீமியத்துக்கு மட்டும் 2023 டிசம்பர் முதல் இந்த வரம்பு ஒரு லட்சம். பள்ளிக் கட்டணம் அந்தச் சலுகையில் இல்லை. 24,000 ரூபாய் டேர்ம் ஃபீஸை ஆட்டோபேயில் விட்டிருந்தால், கேட்கும் நேரத்தில் நாம் ஒப்புதல் தராதவரை பணம் போகாது. தொல்லை என்னவென்றால் கார்டு காலாவதியாகிப் புது எண் வந்ததும் பழைய கார்டில் இருந்த மேண்டேட்டை மறுபடி பதிவு செய்யவேண்டி வரலாம். கார்டு புதுப்பித்த மாதத்திலேயே எந்தெந்தச் செலவு அதில் ஓடிக்கொண்டிருந்தது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். நாச்சில் கார்டு எண்ணே இல்லை, அது கணக்கோடு ஒட்டியது. பல ஆண்டுகள் ஓடும் பாலிசிக்கு அதனால் நாச்தான் நல்லது என்று நினைக்கிறேன்.

கணக்கில் பணம் இருந்தும் மேண்டேட் திரும்பியது என்று சொல்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அந்தப் பணம் முடக்கிவைக்கப்பட்டிருக்கும். புதுப் பங்கு வெளியீடான ஐபிஓவுக்கு விண்ணப்பித்திருந்தால் ஒதுக்கீடு முடியும்வரை அந்தத் தொகை கணக்கிலேயே இருக்கும், ஆனால் தொடமுடியாது. செயலியில் இரண்டு இருப்பு காட்டினால் எடுக்கக்கூடிய இருப்பைத்தான் பார்க்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமைதானே, நாளை காலை பணம் போட்டால் போதும் என்ற எண்ணமும் இப்போது செல்லாது. 2021 ஆகஸ்ட் 1 முதல் நாச் வாரத்தின் எல்லா நாட்களிலும் இயங்குகிறது.

பாலிசியை வேறு நிறுவனத்துக்கு மாற்றினாலோ முடித்துக்கொண்டாலோ பழைய மேண்டேட் தானாகச் சாகாது. நிறுவனத்திடம் எழுத்து மூலம் ரத்து செய்யச் சொல்லுங்கள், வங்கியிலும் அதே `UMRN` எண்ணைக் கொடுத்து ரத்து செய்யுங்கள். நெட்பேங்கிங்கில் மேண்டேட் பட்டியலைத் திறந்தால் பெரும்பாலானவர்களுக்கு அடுத்துச் செய்யவேண்டிய வேலை அங்கேயே காத்திருக்கும்: எப்போதோ முடிந்துபோன ஒரு கடனுடையதோ, நிறுத்திவிட்ட ஒரு மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபியுடையதோ, இன்னும் உயிரோடு.